லனோலின் போனதால்தான் கம்பளி முரடாகிறதா?

கேள்வி: "லேசாக மட்டும் சுத்தம் செய்த, ஆட்டு வாசனை கொஞ்சம் இருக்கிற கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். சாதாரண சலவைத்தூளில் இரண்டு தடவை துவைத்தேன். லனோலின் போய்விடுமோ என்று பயந்து ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு முறைதான் அலசினேன். இப்போது விறைப்பாக, சொரசொரவென்று இருக்கிறது. லனோலின் போய்விட்டதா? வூல் வாஷ் வாங்கினால் சரியாகுமா, இல்லை லனோலினைத் திரும்ப ஏற்ற வேண்டுமா?"

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது "ஒரே ஒரு முறைதான் அலசினேன்" என்ற வரிதான். நான் ஜவுளி வேதியியல் படித்தவன். படிப்பு முடிந்த பிறகு பல ஆண்டுகளாகக் கச்சா ரோமத்தை வாங்கி, கழுவி, நூற்று, சாயம் போட்டு வருகிறேன். துவைத்த பிறகு முரடாகிவிட்டது என்று என்னிடம் வந்த கம்பளித் துணிகளில் பெரும்பாலானவற்றில் குறை, எதுவோ போய்விட்டது என்பதில் இல்லை. போக வேண்டியது போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது என்பதில்தான் இருந்தது. உங்கள் ஸ்வெட்டரும் அந்த வகை என்றே நினைக்கிறேன். தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே வீட்டில் ஒரே நாளில் சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் லனோலின். ஆட்டின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுரந்து ரோமத்தின் மேல் படியவிடும் மெழுகு அது. நாம் அதை எண்ணெய் என்றும் கொழுப்பு என்றும் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் வேதியியல்படி அது மெழுகு வகை. சமையல் எண்ணெயிலும் நெய்யிலும் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு இணைந்திருக்கும். லனோலினில் கிளிசரின் கிடையாது. அதற்குப் பதிலாகக் கொலஸ்ட்ராலும் அதன் உறவுக்கார ஆல்கஹால்களும் இருக்கின்றன. இந்த வித்தியாசம் துவைக்கிறவருக்கு முக்கியம். காரம் பட்டால் சமையல் எண்ணெய் எளிதில் சோப்பாக மாறிக் கரைந்து போகும், லனோலின் அப்படி மாறாது. ஆகவே காரமான சலவைத்தூள் லனோலினை எடுப்பதில் பெரிய கெட்டிக்காரன் அல்ல. அந்தக் காரம் வேலை காட்டுவது கம்பளி இழையின் மேல்தான்.

லனோலின் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் அது உருகும் வெப்பம். ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே, அது உருகும். அதற்குக் கீழே கெட்டியான பசைபோல இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் எந்தச் சூட்டிலும் கரையாது. தண்ணீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு, தன் எடையைப் போல இருமடங்கு நீரைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். களிம்புகளுக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருப்பது இதனால்தான். 1882-இல் ஜெர்மனியில் லீப்ரைக், பிரவுன் இருவரும் சுத்திகரித்த மெழுகுக்கு லனோலின் என்று பெயர் வைத்துக் காப்புரிமை பெற்றதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் தண்ணீரைப் பிடிப்பது வேறு, தண்ணீரோடு போவது வேறு. நீங்கள் 30 டிகிரி வெதுவெதுப்பில் சுத்தமான தண்ணீரை மூன்று முறை மாற்றி அலசினாலும் நூலில் இருக்கும் லனோலின் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். அலசலில் வெளியே போவது சோப்பும் அழுக்கும் உப்பும். அலசலைக் குறைத்து நீங்கள் காப்பாற்றியது லனோலினை அல்ல, சலவைத்தூளை.

லனோலின் அதிகமாக இருந்தால் கம்பளி அதிக மென்மையாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்போதுதான் கத்தரித்த ரோமக்கற்றை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது பொருந்தாது என்று தெரியும். குளிர்ந்த நாளில் அது கனமாக, பசையாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். கற்றையைப் பிரித்தால் இழைகள் தனித்தனியாக வராது, மெழுகு அவற்றைக் கூட்டிப் பிடித்திருக்கும். நுனிப்பகுதியில் மெழுகும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். மெரினோ போன்ற நுண்ணிழை ஆடுகளில் கச்சா ரோமத்தின் எடையில் 10 முதல் 25 சதவீதம் வரை மெழுகாக இருப்பது சாதாரணம். நீளமான, தடித்த இழை உள்ள இனங்களில் அதைவிடக் குறைவு. அதே கற்றையைக் கழுவிக் காயவைத்து எடுத்தால் இரண்டு மடங்கு பருமனாக உப்பி, பஞ்சுபோல விரியும். அந்த மென்மை மெழுகு போனதால் வந்தது.

அப்படியென்றால் லனோலினுக்கும் மென்மைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. எடையில் அரை சதவீதம் மாதிரி மெல்லிய படலமாக எஞ்சியிருக்கும்போது இழைக்கும் இழைக்கும் இடையே உராய்வைக் குறைக்கும், தொட்டால் ஒரு வழவழப்பு தெரியும், கைக்கும் இதமாக இருக்கும். ஆலைகளில் ரோமத்தைக் கழுவும்போதும் மெழுகை முழுக்க வழித்தெடுக்காமல் ஏறக்குறைய இந்த அளவை விட்டுவைப்பதுண்டு. ஆனால் உடம்பில் குத்துகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது லனோலின் அல்ல, இழையின் தடிமன். 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள இழை தோலில் பட்டால் வளைந்து கொடுக்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் முனை வளையாமல் தோலைக் குத்தும். நூலில் அப்படிப்பட்ட தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தாலே பலருக்கு அரிப்பு தெரியும். முரட்டு இன ஆட்டின் கம்பளியை எத்தனை லனோலினில் ஊறவைத்தாலும் மெரினோ ஆகாது. ஆகவே உங்கள் ஸ்வெட்டர் புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்து, அந்த நிலைக்குத் திரும்புமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

உங்கள் நூல் எப்படித் தயாராகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கச்சா ரோமத்தில் மெழுகோடு கூட ஆட்டின் வியர்வை உலர்ந்த உப்பும் இருக்கும். இது பொட்டாசியம் உப்பு, தண்ணீரில் தானாகவே கரையும். சாதாரணத் தண்ணீரில் ரோமத்தை ஒரு இரவு ஊறவைத்தால் மறுநாள் தண்ணீர் தேநீர் நிறத்தில் மாறி, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். மெழுகு மட்டும் அசையாமல் ரோமத்திலேயே இருக்கும். மெழுகையும் எடுக்க வேண்டும் என்றால் 60 முதல் 65 டிகிரித் தண்ணீரில், நிறைய கழுவுநீர்மம் சேர்த்து, கலக்காமல் கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்து, தண்ணீர் ஆறுவதற்குள் தூக்கிவிட வேண்டும். ஆறவிட்டால் உருகிய மெழுகு உறைந்து திரும்ப ரோமத்தின் மேலேயே படியும். அது முன்பைவிட மோசமான பிசுக்கு. ஒரு தடவை தொலைபேசி அழைப்பு வந்து, தொட்டியை மறந்துவிட்டேன். திரும்பி வந்து தொட்டபோது மெழுகுவர்த்தியைத் தடவின மாதிரி இருந்தது. அந்த ரோமத்தை முதலிலிருந்து மறுபடி கழுவ வேண்டியதாயிற்று. லேசாகச் சுத்தம் செய்த நூல் என்று விற்பவை, குறைந்த சூட்டில் அல்லது குறைந்த கழுவுநீர்மத்தில் கழுவி, மெழுகின் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்தவை. மழைத்தூறலைத் தாங்கவேண்டிய மீனவர் ஸ்வெட்டர்களுக்கு அப்படிப்பட்ட நூல்தான் பிடித்தமானது.

இங்கே ஒரு குழப்பம் வரும். நூற்கும்போது இழைகள் அறுந்துபோகாமல் இருக்க ஆலையில் தனியாக ஒரு எண்ணெய் தெளிப்பார்கள். பெரிய கூம்புகளில் வரும் நூல் விறைப்பாக, கயிறுபோல இருப்பதற்கு இந்த நூற்பு எண்ணெய் பெரும்பாலும் காரணம். அதுவும் பிசுக்கு, அதற்கும் ஒரு வாசனை. பலர் அதை லனோலின் என்று நினைத்துப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். ஆட்டு வாசனை என்று நீங்கள் சொல்வதால் உங்கள் நூலில் உண்மையிலேயே ரோம மெழுகு கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டும் கலந்தே இருந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். நூற்பு எண்ணெய் முதல் சலவையிலேயே போக வேண்டியது. போனால்தான் நூல் மலர்ந்து உப்பும். நன்றாகத் துவைத்த பிறகு நூல் பருத்து மென்மையானால், போனது அந்த எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சலவைத்தூள் என்ன செய்தது? கம்பளி இழை நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். மேலே ஓடு வேய்ந்த மாதிரிச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும், எல்லாம் நுனியைப் பார்த்தபடி. அந்தச் செதில்களின் மேற்பரப்பில் இழையோடு இழையாக வேதிப்பிணைப்பில் ஒட்டிய மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. இது லனோலின் அல்ல, இழையின் சொந்தத் தோல் என்று சொல்லலாம். கம்பளி தொட்டால் வழுக்கலாக இருப்பதற்கும், நீர்த்துளி சட்டென்று உள்ளே போகாமல் உருண்டு நிற்பதற்கும் இதுவும் ஒரு முக்கியக் காரணம். லனோலின் சுத்தமாகப் போனபிறகும் இது இருக்கும். ஆனால் காரம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துவிடும். பருத்திக்காகச் செய்த சாதாரண சலவைத்தூளைக் கரைத்து அமிலகாரத் தாளை நனைத்துப் பார்த்தால் 10-ஐ ஒட்டிக் காட்டும். பருத்திக்கு அது ஒன்றும் செய்யாது. கம்பளி லேசான அமிலத்தில்தான், 5-ஐ ஒட்டிய அளவில்தான், மிகவும் உறுதியாக இருக்கும். காரத்தில் இழை வீங்கி, செதில்கள் தூக்கிக்கொண்டு, உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளும் உடையத் தொடங்கும். இன்னொன்று, பல சலவைத்தூள்களில் புரதக்கறையை நீக்கும் நொதி இருக்கும். அந்த நொதிக்கு இரத்தக்கறை எது, கம்பளி எது என்று தெரியாது. இரண்டும் புரதம்தான்.

ஒரு சலவையில் இதெல்லாம் பெரிய சேதத்தை உண்டாக்காது. நீங்கள் துவைத்தது இரண்டே முறை. ஆனால் அலசல் குறைந்தால் அந்தத் தூள் துவைக்கும் அரை மணி நேரத்தோடு நிற்காமல், காயும் இரண்டு நாளும், பிறகு அலமாரியில் இருக்கும் மாதங்களும் இழையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்த உப்பும் தூளும் இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உறைந்து நிற்கும். கஞ்சி போட்ட துணி விறைப்பதும் இந்த வழியில்தான். வளைய வேண்டிய இழைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதுதான் நீங்கள் உணரும் விறைப்பு.

அலசலை எத்தனை முறை என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 500 கிராம் ஸ்வெட்டர் என்று வைத்துக்கொள்வோம். சொட்டச் சொட்டத் தூக்கினால் அது மூன்று லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வரும். அதை அப்படியே 10 லிட்டர் நல்ல தண்ணீரில் போட்டால் மொத்தம் 13 லிட்டரில் கலந்து, திரும்பத் தூக்கும்போது மூன்று லிட்டர் கூடவே வரும். அதாவது சோப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு அப்படியே இருக்கிறது. அதற்குப் பதிலாக, போடுவதற்கு முன்பும் எடுத்த பிறகும் நன்றாக அழுத்தித் தண்ணீரை ஒரு லிட்டராகக் குறைத்தால், ஒரே அலசலில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டாம் அலசலில் 121-இல் ஒன்று. மூன்றாவதில் ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சத்தில் ஒன்று. 20 லிட்டரை ஒரே தடவையில் ஊற்றி அலசினால் 21-இல் ஒன்று என்று நின்றுவிடும், அதே 20 லிட்டரை இரண்டாகப் பிரித்தால் 121-இல் ஒன்று. இது காகிதக் கணக்கு. சோப்பு இழையில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் விடும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் அதிகம் மிஞ்சும், அதனால் ஒவ்வொரு அலசலிலும் ஐந்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். ஆனாலும் கணக்கு சொல்லும் பாடம் சரியானது. தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, இடையில் எவ்வளவு நன்றாக அழுத்தி எடுத்தோம் என்பதும் எத்தனை முறை மாற்றினோம் என்பதும்தான் முக்கியம்.

தண்ணீர் கடினமாக இருக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் சேரும். கட்டி சோப்போ, சோப்பு அடிப்படையில் செய்த திரவமோ பயன்படுத்தினால், தண்ணீரிலுள்ள கால்சியம் அதோடு சேர்ந்து கரையாத ஒரு வெள்ளைப் பசையாகப் படியும். வாளியின் விளிம்பில் வளையமாக நிற்குமே, அதேதான். செதில்களின் இடுக்கில் அது உட்கார்ந்தால் கம்பளி ஒரே நேரத்தில் விறைப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு லனோலின் இன்னும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குக் கடைசி அலசலில் வினிகர் விடச் சொல்வார்கள். 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி விடலாம், எஞ்சிய காரத்தைத் தணிக்கும், நல்லதுதான். ஆனால் சோப்பு முழுக்க அலசிப் போன பிறகுதான் விட வேண்டும். சோப்பு இருக்கும்போதே வினிகரை ஊற்றினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரியும், அது கம்பளியின் மேல் எண்ணெய்ப் படலமாக ஒட்டும். அப்புறம் அதை எடுப்பது பெரிய வேலை.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒன்று போன குளிர்காலத்தில் என்னிடம் வந்தது. ஒரு தோழி தன் அம்மாவுக்காகப் பின்னிய முன்திறப்புள்ள ஸ்வெட்டர், ஏறக்குறைய 480 கிராம், லேசாகக் கழுவிய சாம்பல் நிற நூல். மூன்று முறை சலவைத்தூளில் துவைத்து, லனோலினுக்குப் பயந்து பட்டும் படாமலும் அலசியிருக்கிறார். கையில் எடுத்தபோது அட்டைபோல இருந்தது. கருப்புத் துணியின் மேல் வைத்து உதறினால் மெல்லிய வெண்தூள் விழுந்தது. முதலில் இரண்டு டிஷ்யூ காகிதங்களுக்கு நடுவே கைவிளிம்பை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்தேன். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவும் எண்ணெய்க்கறை ஒன்று தெரிந்தது. காகிதம் காய்ந்த பிறகும் அது மறையவில்லை. ஆக, மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது, போய்விட்டது என்று அவர் அழுததற்கு அவசியமே இல்லை. அடுத்து, எதுவும் சேர்க்காத 30 டிகிரித் தண்ணீரில் ஸ்வெட்டரை அமிழ்த்தி அழுத்தினேன். சோப்பே போடாத தண்ணீரில் நுரை வந்தது. அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

அன்று வூல் வாஷ்கூட முதலில் போடவில்லை. தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அழுத்தி எடுத்து, தண்ணீரை மாற்றினேன். நான்காவது தண்ணீரில்தான் நுரை நின்றது. பிறகு 10 லிட்டருக்குப் பத்து மில்லி வூல் வாஷ் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, திரும்ப மூன்று முறை அலசினேன், மூன்றாவதில் ஒரு கரண்டி வினிகர். பெரிய துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்து, சமதளத்தில் விரித்துக் காயவைத்தேன். மறுநாள் மாலை தொட்டபோது நூல் உப்பி, பின்னல் கண்கள் மூடி, ஸ்வெட்டர் வளைந்து விழுந்தது. ஆட்டு வாசனை குறைந்திருந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. டிஷ்யூ சோதனையைத் திரும்பச் செய்தேன். கறை முன்பைவிட மங்கலாக, ஆனால் இருந்தது. எட்டு முறை தண்ணீர் கண்ட பிறகும் மெழுகு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

வூல் வாஷ் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. நடுநிலைக்குப் பக்கத்தில் நிற்கும் அமிலகார அளவு, மென்மையான கழுவுபொருள், நொதி கிடையாது, வெளுப்பான் கிடையாது, கடின நீரிலும் பசையாகப் படியாது. இவ்வளவுதான் அதன் சிறப்பு, கம்பளிக்கு இவ்வளவு போதும். சிலவற்றில் லனோலின் சேர்த்திருப்பார்கள், அலச வேண்டாம் என்றும் சிலவற்றின் மேல் எழுதியிருக்கும். அலச வேண்டாம் என்ற வகை, இழையில் தங்கினாலும் விறைக்காத பொருட்களைக் கொண்டு, மிகக் குறைந்த அளவில் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. புட்டியில் ஒரு தேக்கரண்டி என்று இருந்தால் ஒரு தேக்கரண்டிதான். தாராளமாக ஊற்றினால் அதையும் அலசத்தான் வேண்டும். என் பழக்கம், அழுக்கு இருக்கும் துணியில் எந்த வகையானாலும் அலசிவிடுவது. கழுவுபொருள் பிடித்துவைத்திருக்கும் அழுக்கைத் துணியிலேயே காயவிட எனக்கு மனம் வராது.

உங்கள் ஸ்வெட்டருக்கு முதலில் கைவிளிம்பு ஒன்றை மட்டும் சோதியுங்கள். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கையின் நுனியைப் பத்து நிமிடம் ஊறவைத்து, அழுத்தி, தண்ணீர் மாற்றி, நான்கு முறை இப்படிச் செய்து காயவிடுங்கள். மறுநாள் அந்தக் கையையும் மற்றக் கையையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். அலசிய கை தெளிவாக மென்மையாக இருந்தால் உங்கள் சிக்கல் தங்கிப்போன தூள்தான், முழு ஸ்வெட்டரையும் நான் மேலே சொன்ன மாதிரிச் செய்யலாம். தண்ணீர் எல்லா முறையும் ஒரே சூட்டில், 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். குழாயை நேராகத் துணியின் மேல் திறக்காதீர்கள், தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரக் கம்பளியைத் தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள், இல்லையென்றால் தன் எடையிலேயே நீண்டுவிடும். அலசல் முடிந்ததா என்று பார்க்க, ஸ்வெட்டரிலிருந்து அழுத்திய தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி பிடித்து மூடிக் குலுக்குங்கள். நுரை உடனே உடைந்து மறைந்தால் முடிந்தது. ஒரு நிமிடம் நின்றால் இன்னொரு தண்ணீர் வேண்டும்.

இரண்டு கையும் ஒரே மாதிரிச் சொரசொரப்பாகவே இருந்தால் வேறு காரணம். பின்னலை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். கண்கள் தனித்தனியாகத் தெரியாமல், நூலும் நூலும் பிணைந்து, துணி தடித்துச் சிறுத்திருந்தால் அது கெட்டித்துப்போன கம்பளி. ஈரத்தில் அசைத்துத் தேய்க்கும்போது செதில்களால் ஒவ்வொரு இழையும் ஒரு பக்கமாக மட்டுமே நகர்ந்து ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால் வருவது. அதை எந்தத் திரவமும் பிரிக்காது, ஈரமாக இழுத்து விரித்துக் கொஞ்சம் அளவை மீட்கலாம், அவ்வளவுதான். கெட்டிக்காமல், மஞ்சளடித்து, இழை வறண்டு எளிதில் அறுந்தால் காரம் இழையையே தாக்கியிருக்கிறது. அதுவும் திரும்பாது. இரண்டே சலவையில் அந்த அளவுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்திருந்தால் ஒழிய.

லனோலினைத் திரும்ப ஏற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். அடியில் தூள் இருக்கும்போது மேலே மெழுகு பூசினால் தூளை உள்ளே வைத்து மூடியதாகும். சுத்தமாக அலசிக் காய்ந்த பிறகும் வறட்சியாகத் தோன்றினாலோ, தூறலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாலோ செய்யலாம். 500 கிராம் ஸ்வெட்டருக்கு அரை சதவீதம் என்றால் இரண்டரை கிராம், அரைத் தேக்கரண்டி. சுத்திகரித்த லனோலினை ஒரு கோப்பை நல்ல சுடுதண்ணீரில் போட்டு, அரைத் தேக்கரண்டி வூல் வாஷ் சேர்த்து, சூடு தாங்கும் மூடிப் புட்டியில் அவ்வப்போது ஆவியை வெளியேற்றியபடி குலுக்குங்கள். பால்போல வெள்ளையாகி, மேலே ஒரு எண்ணெய்ப் பொட்டுகூட மிதக்காத வரை குலுக்க வேண்டும். மிதந்தால் அந்தப் பொட்டு அப்படியே ஸ்வெட்டரில் ஒட்டும். அதை 35 டிகிரித் தண்ணீர் ஆறு லிட்டரில் கலந்து, ஏற்கெனவே நனைத்த ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே திருப்பி அமிழ்த்தி, அரை மணி நேரம் விட்டு, அழுத்தி எடுத்துக் காயவையுங்கள். இந்த ஒரு தண்ணீரை மட்டும் அலச வேண்டாம். லனோலின் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், போடப்போகிறவருக்கு அப்படி ஏதாவது உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைவிளிம்பு காய்ந்ததும் எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள். நூல் தடித்திருக்கிறதா, மஞ்சளடித்திருக்கிறதா, புட்டியில் நுரை எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.